ஆன்லைனில் விண்ணப்பித்தாயிற்று, ரெஸ்யூமேயில் இல்லாத ஒரு விஷயத்தை மட்டும் மேனேஜருக்கு எழுதலாமா?

கார்த்திகா_கோவை

வணக்கம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சப்ளையர் பில்களைச் சரிபார்ப்பது, பேமெண்ட் போடுவது எல்லாம் என் பொறுப்பு. போன வியாழக்கிழமை ஒரு வால்வு கம்பெனியில் ‘அக்கவுண்ட்ஸ் பேயபிள் சீனியர் எக்ஸிகியூட்டிவ்’ வேலைக்கு அவர்கள் தளத்திலேயே விண்ணப்பித்தேன். சப்மிட் கொடுத்த பிறகு அங்கே எதையும் திருத்த முடியாது.

வேலை விவரத்தில் ஒரு வரி இருக்கிறது: எம்எஸ்எம்இ சப்ளையர்களுக்குப் பணம் சட்டக் கெடுவுக்குள் போகிறதா என்று கண்காணிக்க வேண்டும். என் ரெஸ்யூமேயில் ‘சப்ளையர் பேமெண்ட் கையாளுதல்’ என்று பொதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் வருமான வரிச் சட்டத்தில் இதற்கான 43பி(எச்) பிரிவு வந்த வருடம் எங்கள் கம்பெனியில் அந்த வேலையை முழுக்க நான்தான் பார்த்தேன். சப்ளையர்களிடம் எம்எஸ்எம்இ பதிவுக்கான உத்யம் சான்றிதழ் வாங்கியது, யார் யார் இதற்குள் வருவார்கள் என்று பிரித்தது, வாராவாரம் பட்டியல் போட்டது எல்லாம்.

இந்த வேலை ஃபைனான்ஸ் மேனேஜருக்குக் கீழே என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறார்கள். லிங்க்ட்இன்னில் அவரைப் பார்த்துவிட்டேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் அவருக்கு எழுதினால் தப்பாக நினைப்பாரா? எழுதலாம் என்றால் எப்படி?

முருகேஷ்87

நானும் அப்ளை பண்ணி மூன்று வாரமாகக் காத்திருக்கிறேன், ஒரு பதிலும் இல்லை. ‘அண்டர் ரிவ்யூ’ என்றே காட்டுகிறது. தினமும் ஒரு மெயில் போடுங்கள் மேடம், அப்போதுதான் எடுத்துப் பார்ப்பார்கள். கூச்சப்பட்டால் வேலை கிடைக்காது.

கார்த்திகா_கோவை

முருகேஷ், நான் நிலவரம் கேட்கப் போவதில்லை. விண்ணப்பத்தில் விட்டுப்போன ஒரு தகவலைச் சேர்க்கத்தான் கேட்கிறேன்.

செல்வம்_சிஏஇன்டர்

எழுதுங்கள், ஆனால் எச்.ஆருக்கு மட்டும். மேனேஜருக்கு நேரடியாக எழுதினால் எச்.ஆர். தன்னைத் தாண்டிப் போனதாக எடுத்துக்கொள்வார்கள்.

எழுதும்போது தொகையைப் போடுங்கள். எவ்வளவு பாக்கியை மார்ச்சுக்குள் கொடுக்க வைத்தீர்கள்? ஐம்பது லட்சம் என்றால் ‘ஐம்பது லட்சம் வரி மிச்சப்படுத்தினேன்’ என்று முதல் வரியிலேயே வரட்டும். அதைப் பார்த்தால்தான் மேலே படிப்பார்கள்.

ராகவன்_ஒசூர்

செல்வம், அந்த வரியோடு அனுப்பினால் அவர் மேலே படிக்க மாட்டார். நான் அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து ஆள் எடுப்பவன், அதனால் சொல்கிறேன்.

ஐம்பது லட்சம் பாக்கி கெடு தாண்டி மார்ச் 31 அன்றும் நின்றால், அந்த ஆண்டுச் செலவாக அதை ஏற்க மாட்டார்கள். அதாவது லாபம் ஐம்பது லட்சம் கூடும், வரி ஐம்பது லட்சம் கூடாது. 22 சதவீத வரித் திட்டத்தில் இருக்கும் கம்பெனி என்றால் சர்சார்ஜ், செஸ் சேர்த்துச் சுமார் 25.17 சதவீதம், அதாவது பன்னிரண்டரை லட்சம் சொச்சம். அதுவும் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை, பணம் கொடுக்கும் ஆண்டில் அந்தச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். ஆக இது வரி முன்கூட்டிப் போவதைத் தடுத்த வேலை. ‘ஐம்பது லட்சம் வரி மிச்சம்’ என்று எழுதும் ஆளுக்குப் பிரிவு எண் தெரியும், வேலை தெரியாது என்றுதான் நினைப்பேன்.

கார்த்திகா, மேனேஜருக்கு எழுதலாம், தப்பில்லை. எங்கள் பக்கம் என்ன நடக்கிறதென்றால், தளத்தில் வரும் விண்ணப்பங்களை முதலில் எச்.ஆர். தான் பார்த்து வடிகட்டும். என் மேஜைக்கு வருவது அதில் ஒரு சிறு கட்டு. வடிகட்டுகிறவருக்கு 43பி(எச்) தெரிய வேண்டியதில்லை, ரெஸ்யூமேயில் ‘எம்எஸ்எம்இ’ என்று இருக்கிறதா என்று பார்ப்பார், இல்லையென்றால் கீழே தள்ளிவிடுவார். உங்கள் செய்தி வந்தால் நான் செய்யக்கூடியது ஒன்றுதான்: ‘இந்த வேலை எண்ணில் இந்தப் பெயர் இருக்கிறதா, எடுத்து அனுப்புங்கள்’ என்று எச்.ஆரிடம் கேட்பேன். அதற்கு மேல் அந்தச் செய்தியிடம் எதிர்பார்க்காதீர்கள். வேலைப் பெயர், வேலை எண், தளத்தில் விண்ணப்பித்திருப்பது, இந்த மூன்றும் இல்லாவிட்டால் அதைக்கூடச் செய்ய முடியாது.

என்ன எழுதலாம் என்று நினைக்கிறீர்களோ அதை இங்கே போடுங்கள், பார்ப்போம்.

கார்த்திகா_கோவை

நன்றி சார். ஆங்கிலத்தில்தான் அனுப்புவேன், இங்கே தமிழில் போடுகிறேன்.

“மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தில் பணிபுரிய மிகுந்த ஆர்வம் கொண்டுள்ளேன். கணக்குத் துறையில் நல்ல அனுபவம் உண்டு. டேலி, எஸ்ஏபி, ஜிஎஸ்டி, டிடிஎஸ் அனைத்தும் தெரியும். குழுவாகவும் தனியாகவும் பணிபுரிவேன். மேலும், எம்எஸ்எம்இ சப்ளையர்கள் தொடர்பான பணிகளையும் வெற்றிகரமாகக் கையாண்டுள்ளேன். என் ரெஸ்யூமேயை இணைத்துள்ளேன். தயவுசெய்து என் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.”

ராகவன்_ஒசூர்

சொல்ல வந்த விஷயம் ஐந்தாவது வரியில் ‘மேலும்’ என்று வருகிறது. அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் ரெஸ்யூமேயில் இருக்கும். போனில் பார்க்கும்போது எனக்கு முதல் இரண்டு வரிதான் தெரியும், அதில் ‘மிகுந்த ஆர்வம்’ மட்டும் இருந்தால் திறக்கவே தோன்றாது.

அதைவிட முக்கியம், ‘வெற்றிகரமாகக் கையாண்டுள்ளேன்’ என்பதை வைத்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன செய்தீர்கள்? நான் நேர்முகத்தில் கேட்பது போலவே கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். எழுத வேண்டியது அதற்குள் இருக்கும்.

சப்ளையர்கள் எல்லோரையும் எடுத்தீர்களா, சிலரை விட்டீர்களா? நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணினீர்கள்? எல்லோருக்கும் 45 நாளா?

செல்வம்_சிஏஇன்டர்

சட்டத்தில் 45 நாள்தானே சார். தவிர, 43பி என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தேதிக்குள் கட்டினாலே போதும். பிஎஃப், போனஸ் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். பிறகு மார்ச் 31 என்று எதற்கு இவ்வளவு பரபரப்பு?

ராகவன்_ஒசூர்

போனஸுக்கு, லீவ் சம்பளத்துக்கு, கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப்-க்கு நீங்கள் சொல்வது சரி. (எச்)-க்கு அந்தச் சலுகை கிடையாது. கெடு தாண்டிய பணத்தை ஏப்ரலில் கொடுத்தால் அடுத்த ஆண்டுச் செலவுதான். 2024 பிப்ரவரி, மார்ச்சில் எல்லா அக்கவுண்ட்ஸ் பிரிவும் தூங்காமல் கிடந்தது அதனால்தான். 45 நாள் எல்லோருக்கும் இல்லை, அதைக் கார்த்திகா சொல்லட்டும்.

கார்த்திகா_கோவை

சொல்கிறேன் சார்.

முதலில் எல்லாச் சப்ளையர்களிடமும் உத்யம் சான்றிதழ் கேட்டோம். வந்ததை அப்படியே சேர்க்கவில்லை. நடுத்தர நிறுவனம் என்று இருப்பவர்களை எடுத்துவிட்டேன், இந்தப் பிரிவு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான். பேரிங் கடை, இரும்பு டீலர் போல வாங்கி விற்பவர்களையும் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுத் தனியாக வைத்தேன். உத்யம் எண் இருந்தாலும் வியாபாரிகளுக்கு அது முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான் என்றார். மிஞ்சியது பெரும்பாலும் பவுண்டரிகளும் ஜாப் வொர்க் பட்டறைகளும்.

நாள் கணக்கை முதலில் டேலியில் இருக்கும் பில் தேதியிலிருந்துதான் எடுத்தோம். பிறகு சரக்கு ஏற்றுக்கொண்ட தேதிக்கு மாற்றினேன், ஸ்டோர்ஸ் போடும் ஜிஆர்என் தேதி. அதற்காக ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டரையும் பில்லையும் ஒவ்வொன்றாக இணைக்க வேண்டியிருந்தது.

45 நாள் விஷயம்தான் பெரிய இடி. பவுண்டரிகளுக்குக் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டரில், அதாவது பிஓ-வில், பேமெண்ட் கெடு எழுதியிருந்தது. சிலருக்கு 60 நாள், அதைச் சட்டப்படி 45 ஆகக் குறைத்தோம். ஆனால் கணபதி, சிட்கோ பக்கம் இருக்கும் சின்னப் பட்டறைகளுக்கு எழுத்தில் ஒன்றுமே இல்லை. போன் போட்டுச் சொல்வோம், ஆள் வந்து காஸ்டிங்கை எடுத்துப்போய் மெஷினிங் செய்து தருவார். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். எல்லாவற்றையும் 45 என்று வைத்திருந்த பட்டியலில் இவர்கள் யாருமே கெடு தாண்டியவர்களாகத் தெரியவில்லை. 15 போட்டதும் முக்கால்வாசிப் பேர் சிவப்பு. உடனே எம்.டி.யிடம் காட்டி, இவர்களுக்கு முதலில் பணம் போட வைத்தோம். அப்புறம் எல்லோருக்கும் எழுத்தில் பிஓ கொடுக்க ஆரம்பித்தோம்.

மார்ச் 31 அன்று தரத் தகராறில் இருந்த சில பில்கள் மட்டும் நின்றன.

ராகவன்_ஒசூர்

இதைத்தான் கேட்டேன். அந்தப் பட்டறைகள் விஷயம் இருக்கிறதே, அதுதான் உங்கள் செய்தி. வால்வு கம்பெனியும் பவுண்டரியையும் ஜாப் வொர்க்கையும் நம்பித்தான் ஓடுகிறது, அந்த மேனேஜருக்கும் வாய்மொழி ஆர்டர் தலைவலி இருந்தே தீரும். ‘எழுத்து ஒப்பந்தம் இல்லாதவர்களை 15 நாள் கெடுவில் தனியாகப் பிரித்தேன்’ என்ற வரியைப் படித்ததும் இந்தப் பெண் பட்டியலுக்குள் இறங்கி வேலை பார்த்தவர் என்று புரிந்துவிடும். பிரிவு எண்ணைப் படித்துவிட்டு எழுதுகிறவரால் அதை எழுத முடியாது.

இரண்டு கேள்வி பாக்கி. தகராறு பில்களுக்குச் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தீர்களா? இல்லையென்றால் அதுவும் ஏற்றுக்கொண்ட சரக்குதான், கெடு தாண்டியதுதான். இன்னொன்று, எம்சிஏ-வுக்குப் போகும் எம்எஸ்எம்இ-1 படிவத்தை யார் போட்டது?

கார்த்திகா_கோவை

சிலவற்றுக்குக் குவாலிட்டி ஆட்கள் மெயில் போட்டிருந்தார்கள். மூன்று பில்லுக்கு வாய்ப்பேச்சு மட்டும்தான், அவற்றை ஆடிட்டர் செலவில் சேர்க்க விடவில்லை. எம்எஸ்எம்இ-1 கம்பெனி செக்ரட்டரி போட்டார், பாக்கிப் பட்டியல் நான் கொடுத்தது.

ராகவன்_ஒசூர்

அப்படியானால் படிவம் பற்றிச் செய்தியில் எழுத வேண்டாம், கேட்டால் இப்போது சொன்னதையே சொல்லுங்கள். ‘பாக்கியே இல்லாமல் செய்தேன்’ என்றும் எழுதாதீர்கள். மூன்று பில் நின்றது என்றால் நின்றது.

சுகன்யா_எச்ஆர்

ஸ்ரீபெரும்புதூரில் எச்.ஆரில் இருக்கிறேன். மேனேஜருக்கு எழுதினால் எங்களுக்குக் கோபம் வரும் என்று செல்வம் சொன்னது பாதி சரி. ‘எச்.ஆர். பதில் சொல்லவில்லை’ என்று புகார் போல எழுதினால் வரும். கூடுதல் தகவல் என்று எழுதினால் ஒன்றும் இல்லை, அவர் எங்களுக்கு ஃபார்வர்ட் செய்வார், நாங்கள் அந்த விண்ணப்பத்தோடு சேர்த்துவிடுவோம். விளம்பரத்தில் ரெக்ரூட்டர் பெயர் இருந்தால் அதே செய்தியை அவருக்கும் போடுங்கள். சில நேரம் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். புது ரெஸ்யூமே தயார் செய்து அதோடு இணைத்து அனுப்பாதீர்கள். சிஸ்டத்தில் ஒன்று, மேனேஜர் மெயிலில் ஒன்று என்று இரண்டு இருந்தால், பின்னால் சரிபார்ப்பின்போது எது சரி என்று எங்களுக்குக் கேள்வி வரும். வேலையில் சேர்ந்த மாதம் ஒன்றில் ஜூன், இன்னொன்றில் ஜூலை என்று இருந்தால் போதும், அதற்கு விளக்கம் கேட்டு ஒரு வாரம் போகும்.

ராகவன்_ஒசூர்

இதில் நான் கொஞ்சம் வேறுபடுகிறேன் மேடம். இணைப்பு இருந்தால் எனக்குத் திறந்து பார்க்க வசதி. உங்களிடம் கேட்டு வாங்குவதற்குள் இரண்டு நாள் ஆகிறது.

சுகன்யா_எச்ஆர்

சமர்ப்பித்த அதே கோப்பை இணைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை சார். திருத்தியதை வேண்டாம் என்கிறேன். எங்கள் கம்பெனியில் சிஸ்டத்துக்கு வெளியே வரும் ரெஸ்யூமேயைத் திறக்கவே கூடாது என்று விதி, மற்ற இடங்களில் எப்படியோ.

மெக்_தினேஷ்

அக்கா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் மெக்கானிக்கல் முடித்து வேலை தேடுகிறேன். விண்ணப்பித்த எல்லா இடத்துக்கும் இதே மாதிரி செய்தி அனுப்பிவிட்டேன், ‘கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்வேன்’ என்று. யாரும் பதில் போடவில்லை. எனக்குச் சேர்க்க அனுபவமே இல்லையே. லீவில் அப்பா பட்டறையில் விஎம்சி ஓட்டுவேன், அவ்வளவுதான்.

சுகன்யா_எச்ஆர்

தம்பி, அந்த ‘அவ்வளவுதான்’ ரெஸ்யூமேயில் இருக்கிறதா? இல்லையென்றால் அதைத்தான் எழுத வேண்டும். எந்த கன்ட்ரோலர், என்ன பீஸ், ஜாப் செட்டிங் நீயே செய்வாயா, இல்லை அப்பா செட் செய்த பிறகு பட்டன் மட்டும் அழுத்துவாயா, அதையும் உள்ளபடி எழுது. புரொடக்‌ஷன் டிரெயினி வேலைக்கு மட்டும் அனுப்பு. டிசைன் வேலைக்கு அனுப்பினால் பயன் இல்லை.

மெக்_தினேஷ்

ஃபேனுக் கன்ட்ரோலர். ஆஃப்செட் நானே எடுப்பேன், புரோகிராம் அப்பாதான். சரி அக்கா, தனி இழை போடுகிறேன்.

பட்டறை_மணி

நான் ஜாப் வொர்க் பட்டறை வைத்திருப்பவன். அந்தப் பக்கம் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்க ஒரு மாதிரியாக இருக்கிறது. 2024 மார்ச்சில் திடீரென்று எல்லாக் கம்பெனியும் பணம் போட்டது, ஏதோ நல்ல காலம் என்று நினைத்தோம். அடுத்த மாதமே இரண்டு கம்பெனி ‘உத்யமை ரத்து செய்யுங்கள், இல்லையென்றால் ஆர்டர் இல்லை’ என்றார்கள். அதையும் உங்கள் மாதிரி அக்கவுண்ட்ஸ் ஆட்கள்தான் போன் போட்டுச் சொன்னார்கள்.

கார்த்திகாவுக்கு ஒன்று. கோவையில் ஒரே பவுண்டரி பத்துக் கம்பெனிக்குக் காஸ்டிங் போடும். எங்கள் பெயரையோ பாக்கித் தொகையையோ எழுதி அனுப்பாதீர்கள். நாளைக்கே உங்கள் முதலாளி காதுக்குப் போகும், நீங்கள் வேலை தேடுவதும் சேர்ந்து போகும்.

கார்த்திகா_கோவை

அண்ணா, எங்கள் கம்பெனியில் யாரையும் உத்யம் ரத்து செய்யச் சொல்லவில்லை. பெயர் எதுவும் போட மாட்டேன். தொகையைத்தான் யோசிக்கிறேன். ராகவன் சார், எண்ணே இல்லாமல் எழுதினால் வெறும் பேச்சாகத் தெரியாதா?

ராகவன்_ஒசூர்

எத்தனை சப்ளையர் என்று எழுதலாம், வேலையின் அளவு அதில் தெரிந்துவிடும். ரூபாய் வேண்டாம். பாக்கித் தொகை உங்கள் கம்பெனியின் பண நிலைமையைக் காட்டுவது. ஒருவர் தன் கம்பெனி பாக்கியை எனக்கு எழுதி அனுப்பினால், நாளை என் பாக்கியையும் இன்னொருவருக்கு எழுதுவார் என்று தோன்றும்.

செல்வம்_சிஏஇன்டர்

சார், இது கொஞ்சம் அதிகப்படி. எம்எஸ்எம்இ பாக்கி பேலன்ஸ் ஷீட் குறிப்பிலேயே வருகிறது, கம்பெனிச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். ரகசியம் என்ன இருக்கிறது?

ராகவன்_ஒசூர்

மார்ச் 31 தேதியில் நிற்பது அதில் வரும். ஜனவரியில் எவ்வளவு நின்றது என்பது வராது. ஆனாலும் நீங்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது, என் கருத்து இது, இன்னொரு மேனேஜர் வேறு மாதிரி பார்க்கலாம்.

கார்த்திகா_கோவை

இதுதான் அனுப்பப் போவது. லிங்க்ட்இன் இணைப்புக் கோரிக்கையோடு போகும் குறிப்பில் இடம் போதவில்லை. கம்பெனித் தளத்தில் ஃபைனான்ஸ் பிரிவின் மெயில் இருக்கிறது, அதற்கு அவர் பெயர் போட்டு அனுப்புகிறேன், ரெக்ரூட்டருக்கும் ஒரு நகல்.

“பொருள்: அக்கவுண்ட்ஸ் பேயபிள் சீனியர் எக்ஸிகியூட்டிவ், வேலை எண் (இங்கே எண்) – விண்ணப்பத்தில் இல்லாத ஒரு தகவல்

வணக்கம். இந்த வேலைக்கு வியாழக்கிழமை உங்கள் தளத்தில் விண்ணப்பித்தேன். எம்எஸ்எம்இ பேமெண்ட் கண்காணிப்பு கேட்டிருக்கிறீர்கள். அதில் நான் செய்த வேலை என் ரெஸ்யூமேயில் இல்லை.

2024 மார்ச் முடிவுக்கு முன், எங்கள் சப்ளையர்களில் 43பி(எச்)க்குள் வரும் சுமார் எழுபது பேரை உத்யம் சான்றிதழைப் பார்த்துப் பிரித்தேன். ஜிஆர்என் தேதியிலிருந்து கெடுவைக் கணக்கிடும் வாராந்திரப் பட்டியல் தயாரித்தேன். எழுத்து ஒப்பந்தம் இல்லாத ஜாப் வொர்க் பட்டறைகளை 15 நாள் கெடுவில் தனியாகக் காட்டியதால், அதுவரை தெரியாமல் இருந்த தாமதங்கள் தெரிந்து, ஆண்டு முடிவுக்குள் தீர்க்கப்பட்டன. தரத் தகராறில் இருந்த சில பில்கள் மட்டும் நின்றன. அந்தப் பட்டியலை இன்றும் நான்தான் பராமரிக்கிறேன்.

தேவைப்பட்டால் பட்டியலின் அமைப்பை, பெயரும் தொகையும் இல்லாமல், நேரில் விளக்க முடியும்.

பெயர், கைபேசி எண்”

ராகவன்_ஒசூர்

நன்றாக இருக்கிறது. ‘தீர்க்கப்பட்டன’ என்பதில் யார் தீர்த்தது என்று கேட்பேன், எம்.டி. ஒப்புதலோடு என்று சொல்லுங்கள். செய்தியில் மாற்ற வேண்டாம். பட்டியலின் அமைப்பு என்றால் காலித் தாளில் கட்டங்களை வரைந்து காட்டுங்கள், ஆபீஸ் எக்ஸெல் கோப்பை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பதில் வரவில்லையென்றால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து ரெக்ரூட்டருக்கு மட்டும் ஒருமுறை கேளுங்கள். எனக்கு இரண்டாம் முறை எழுதியவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை, சொல்லவும் நேரம் இல்லை.

முருகேஷ்87

அப்போ தினமும் மெயில் வேண்டாமா?

சுகன்யா_எச்ஆர்

வேண்டாம் முருகேஷ். மூன்று வாரம் ஆகிவிட்டதால் ஒரே ஒரு மெயில், ரெக்ரூட்டருக்கு, ‘இந்த வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கிறீர்களா’ என்று. அது கார்த்திகாவின் விஷயம் இல்லை.

கார்த்திகா_கோவை

அனுப்பியாயிற்று. இன்று மாலை ஃபைனான்ஸ் பிரிவிலிருந்து ஒரு வரி பதில்: “குறித்துக்கொண்டோம், எச்.ஆருக்கு அனுப்பியிருக்கிறோம். ஜாப் வொர்க் பட்டறைகளுக்கு இப்போது பிஓ எப்படிக் கொடுக்கிறீர்கள்?” இதற்கு மெயிலிலேயே பதில் எழுதுவதா, நேர்முகத்தில் சொல்கிறேன் என்பதா?

ராகவன்_ஒசூர்

மூன்று வரியில் மெயிலிலேயே எழுதுங்கள். கேட்கிறார் என்றால் அவருக்கு அது இப்போதே தேவைப்படுகிறது.

பட்டறை_மணி

எழுதுங்கள் தங்கச்சி, ஆனால் எல்லாவற்றையும் எழுதிவிட்டால் அப்புறம் உங்களை எதற்குக் கூப்பிட வேண்டும்? நாங்கள் சாம்பிள் பீஸ் கொடுத்ததோடு போன ஆர்டர் எத்தனையோ இருக்கிறது.